முறுக்கிக்கொண்ட கண்ணிகள்: நிட் வரிசை ஏன் இறுகுகிறது, எப்படிச் சரிசெய்வது

ஊசி கண்ணிக்குள் நுழைய மறுக்கிறது. நுழைத்தாலும் நூலை இழுத்து வெளியே கொண்டுவர விரல் வலிக்கிறது. பின்னிய துணி அட்டைபோல் விறைப்பாக இருக்கிறது. இதைச் சொன்னால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கையைத் தளர்த்திப் பின்னுங்கள், இல்லையென்றால் ஓர் அளவு பெரிய ஊசிக்கு மாறுங்கள். கை உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் அது நல்ல யோசனை. கண்ணிகள் முறுக்கிக்கொண்டதால் வந்த இறுக்கமாக இருந்தால், பெரிய ஊசியால் ஆவது ஒன்றுமில்லை. தொளதொளவென்று முறுக்கிய துணி கிடைக்கும், அவ்வளவே.

ஆகவே ஊசியை மாற்றும் முன் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

இறுக்கமா, முறுக்கா?

இடது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கை இறுக்கம் என்றால் கண்ணிகள் ஊசியைக் கவ்விப் பிடித்திருக்கும்; தள்ளினால் அசைய மாட்டா. முறுக்கு என்றால் அவை ஊசியின் மேல் தாராளமாக வழுக்கிச் செல்லும். வலது ஊசியை உள்ளே நுழைக்கும் அந்தக் கணத்தில் மட்டுமே எதிர்ப்பு தெரியும்.

அடுத்து, பின்னி முடித்த பகுதியின் நேர்ப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒழுங்கான நிட் கண்ணி ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலிருக்கும். இரண்டு கால்களும் அடியில் ஒன்றையொன்று நெருங்குமே தவிர, குறுக்கே தாண்டாது. முறுக்கிய கண்ணியில் ஒரு கால் மற்றதன்மேல் ஏறிப் படுத்திருக்கும். அடி மூடிக்கொண்டு ‘ஒய்’ எழுத்தைப் போலத் தெரியும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறக் கம்பளியில் இது எளிதில் கண்ணுக்குப் படாது. அப்போது துணியை இரு கையாலும் அகலவாக்கில் மெல்ல இழுங்கள். திறந்த கண்ணிகளின் அடி விரியும், முறுக்கியவை விரியாமல் முடிச்சுபோல் நிற்கும். பின்பக்கத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அங்கே எல்லாம் மேடு மேடாகத்தான் தெரியும்.

கண்ணி ஊசியில் உட்காரும் விதம்

குதிரைமேல் அமர்ந்தவனுக்கு இருபுறமும் கால் தொங்குவதுபோல, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கால் ஊசிக்கு முன்னாலும் ஒரு கால் பின்னாலும் இருக்கும். இடது ஊசியின் முனை வலப்பக்கம் நோக்கியிருப்பதால், முனைக்கு அருகில் உள்ள காலை வலக்கால் என்றும் மற்றதை இடக்கால் என்றும் வைத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோர் கற்ற முறையில் வலக்கால் ஊசிக்கு முன்னால் இருக்கும். அது பின்னால் போய், இடக்கால் முன்னால் வந்திருந்தால் கண்ணி மாறி அமர்ந்திருக்கிறது என்று பொருள்.

மாறி அமர்வதே பிழை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மாறி அமர்ந்த கண்ணி இன்னும் முறுக்கவில்லை. அதற்குள் நீங்கள் எந்தப் பக்கமிருந்து ஊசியை விடுகிறீர்கள் என்பதுதான் அதை முறுக்குகிறது. வலக்கால் எங்கே இருந்தாலும் சரி, அந்தக் காலின் வழியாக நுழைந்தால் கண்ணி திறந்தே இருக்கும். இடக்காலின் வழியாக நுழைந்தால் கண்ணி அரைச்சுற்றுத் திரும்பி, கால்கள் அடியில் குறுக்கிட்டுக்கொள்ளும். வலக்கால் முன்னால் இருந்தால் முன்புறம் நுழைய வேண்டும். பின்னால் இருந்தால் பின்புறம் நுழைய வேண்டும். கீழே வரும் எல்லாக் கோளாறுகளும் இந்த இரண்டும் பொருந்தாமல் போவதால் வருபவைதான்.

கண்ணி எப்படி அமரும் என்பதைத் தீர்மானிப்பது, அதற்கு முந்தைய வரிசையில் நூலைச் சுற்றிய திசை. நிட் பின்னும்போது நூல் வலது ஊசியின் பின்புறமாகப் போய், முனையின் இடப்பக்கம் வளைந்து, இரு ஊசிகளுக்கும் நடுவே வந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். பர்ல் பின்னும்போது நூல் முன்னால் இருக்கும். அது ஊசியின் மேலாக ஏறி, இரு ஊசிகளுக்கும் நடுவே கீழிறங்கி, முன்னால் திரும்பி வர வேண்டும். ஊசி முனையை நேராகப் பார்த்தால் இரண்டும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைச் சுற்றுதான். இந்தத் திசையில் சுற்றினால் அடுத்த வரிசையில் வலக்கால் முன்னால் அமரும். எதிராகச் சுற்றினால் பின்னால் அமரும். இடக்கை முன்னணியாகக் கொண்டு கண்ணாடிப் பிம்பம்போலப் பின்னுகிறவர்கள் இந்தக் கட்டுரை முழுவதும் வலதை இடதாகவும் திசையை எதிராகவும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முறுக்கினால் ஏன் இறுகுகிறது

திறந்த கண்ணியை அகலவாக்கில் இழுத்தால் அதன் கால்கள் விலகிக் கொடுக்கின்றன. பக்கத்துக் கண்ணியிலிருந்து கொஞ்சம் நூல் கடன் வாங்கிக்கொள்ளவும் முடிகிறது. பின்னிய துணியின் நெகிழ்ச்சி முழுவதும் இப்படி நூல் இங்குமங்கும் நகர்வதில்தான் இருக்கிறது. கால்கள் குறுக்கிட்டதும் கண்ணியின் கழுத்து மூடிவிடுகிறது. நூலின் ஒரு பகுதி அந்தக் குறுக்கீட்டிலேயே செலவாகிறது. மிச்ச நூலும் அங்கே உராய்ந்து நிற்பதால் நகர்வதில்லை. எனவே அதே நூல், அதே ஊசி, அதே கை இருந்தும் துணி ஒடுங்குகிறது.

எவ்வளவு ஒடுங்கும் என்பது நூலையும் கையையும் பொறுத்தது. ஆனால் சிறு வேறுபாடும் உடுப்பில் பெரிதாகிவிடும். 4 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் என்று கணக்கிட்டு, ஸ்வெட்டரின் முன்பாகத்துக்கு 88 கண்ணிகள் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 40 சென்டிமீட்டர் வர வேண்டும். முறுக்கினால் அது 24 கண்ணியாக நெருங்கிவிட்டால் கிடைப்பது 36.7 சென்டிமீட்டர்தான். பின்பாகத்திலும் அதே குறை இருக்கும். சுற்றளவில் ஆறரை சென்டிமீட்டருக்குமேல் காணாமல் போய்விட்டது. பிள்ளைக்கு அளவெடுத்துத்தானே பின்னினோம் என்று அப்புறம் குழம்புவதற்கு இதுதான் காரணம்.

அறிகுறி: ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை முறுக்கியிருக்கிறது

திருப்பித் திருப்பிப் பின்னும் தட்டையான ஸ்டாக்கிங் பின்னலில் அதிகமாகக் காணப்படுவது இதுதான். ஒரு வரிசையில் திறந்த ‘வி’, அடுத்ததில் மூடிய ‘ஒய்’, மீண்டும் ‘வி’ என்று மாறி மாறி வரும். நிட் வரிசை கல்லாக இருக்கிறது, பர்ல் வரிசை மட்டும் சுகமாகப் போகிறது என்று பின்னுகிறவர் சொன்னால், துணியைப் பார்க்காமலேயே எனக்குச் சந்தேகம் பர்ல் சுற்றின்மேல்தான் விழும்.

உறுதி செய்வது எளிது. ஒரு பர்ல் வரிசையை முடித்துத் துணியைத் திருப்புங்கள். நிட் தொடங்கும் முன் இடது ஊசியின் முதல் நான்கைந்து கண்ணிகளை விரலால் சற்று விலக்கிப் பாருங்கள். வலக்கால்கள் எல்லாம் ஊசிக்குப் பின்னால் இருந்தால், பர்ல் வரிசையில் நூலை மேலிருந்து கீழாகச் சுற்றாமல் கீழிருந்து மேலாகக் கோரி எடுத்திருக்கிறீர்கள். நூல் செல்ல வேண்டிய தூரம் அப்படிச் செய்தால் குறைவு. கையும் அதையே விரும்பும். குறிப்பாக நூலை இடக்கையில் பிடித்துப் பின்னுகிறவர்களுக்கு மேலிருந்து சுற்றுவது தொல்லையான அசைவு. யாரும் கற்றுக்கொடுக்காமலேயே கை குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிடும்.

வலக்கால்கள் முன்னாலேயே இருக்கின்றன, ஆனாலும் வரிசை முறுக்குகிறது என்றால், நிட் பின்னும்போது நீங்கள் கண்ணியின் பின்காலில் ஊசியை விடுகிறீர்கள். அதுவும் இல்லையென்றால் நிட் வரிசையை முடித்துத் திருப்பி, பர்ல் தொடங்கும் முன் அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே வலக்கால் பின்னால் இருந்தால் நிட் சுற்று தலைகீழாக இருக்கிறது. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று அகப்பட்டுவிடும்.

பர்ல் சுற்றுதான் குற்றவாளி என்று தெரிந்தால் இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, பர்ல் வரிசையில் நூலை மேலிருந்து கீழாகச் சுற்றப் பழகுவது. சில வரிசைகள் மெதுவாகப் போகும், பிறகு கை பிடித்துக்கொள்ளும். மற்றது, பர்லை உங்கள் போக்கிலேயே விட்டுவிட்டு, நிட் வரிசையில் பின்னால் இருக்கும் வலக்காலின் வழியாக நுழைவது. இரண்டாவதைப் பிழையை மறைக்கும் தந்திரம் என்று எண்ண வேண்டாம். கீழைமுறைப் பர்லையும் மேலைமுறை நிட்டையும் சேர்த்துப் பின்னும் கலப்புமுறை என்று பெயரோடு வழங்குவது அது. பர்ல் வரிசை எப்போதும் தளர்ந்து, பின்பக்கத்தில் வரி வரியாக இடைவெளி விழுகிறவர்களுக்கு, நூல் குறைவாகச் செலவாகும் இந்தப் பர்லையே மருந்தாகச் சொல்வதும் உண்டு. தட்டையான பின்னலை மட்டுமே பின்னுகிறவருக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். பழகிய கையை எதற்கு முறிக்க வேண்டும்?

நடுவில் பிழையைக் கண்டுபிடித்தால், ஊசியில் இருக்கும் வரிசையைக் காப்பாற்றப் பிரிக்க வேண்டியதில்லை. வலக்கால் எங்கே இருக்கிறதோ அங்கே நுழைந்து அந்த ஒரு வரிசையைப் பின்னினால் போதும், அதிலிருந்து மேலே எல்லாம் திறந்துவிடும். கீழே ஏற்கெனவே முறுக்கிய வரிசைகளை மேலிருந்து திருத்த வழியில்லை. பிரிக்கலாம், அல்லது விட்டுவிடலாம். நாலைந்து வரிசையானால் பிரிப்பதே நல்லது. இல்லாவிட்டால் முறுக்கிய பகுதிக்கும் திறந்த பகுதிக்கும் நடுவே துணி சட்டென்று அகலும் கோடு ஒன்று நிலையாகத் தெரியும்.

அறிகுறி: தட்டையாகப் பின்னினால் நன்றாக வருகிறது, வட்ட ஊசியில் எல்லா வரிசையும் முறுக்குகிறது

பலரை மிகவும் குழப்புவது இதுதான். ஓர் அம்மா பல வருடங்களாக ஸ்வெட்டர் பின்னுகிறவர். முன்பாகம், பின்பாகம், கை என்று தனித்தனியாகப் பின்னித் தைப்பார்; எல்லாம் சீராக வரும். முதல்முறையாக வட்ட ஊசியில் ஒரு தொப்பி பின்னி எடுத்துக்கொண்டு வந்தார். தொப்பி இறுக்கமாக இருந்தது. அதோடு, கண்ணிகளின் வரி நேராக மேலே ஏறாமல் மாவு பிழியும்போது விழுவதுபோல் பக்கவாட்டில் சாய்ந்து சுற்றிக்கொண்டு போனது. நூல்தான் சரியில்லை என்பது அவர் முடிவு.

அவரை ஒரு சிறு துண்டு தட்டையாகப் பின்னச் சொல்லிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. பர்ல் வரிசையில் அவர் நூலைக் கீழிருந்து கோரி எடுத்தார்; கண்ணிகள் மாறி அமர்ந்தன. நிட் வரிசையில், கற்ற நாளிலிருந்தே, பின்காலில் ஊசியை விட்டார். வலக்கால் அங்கேதான் இருந்ததால் கண்ணி திறந்தது. தம்மையறியாமலேயே அவர் கலப்புமுறையில் பின்னிக்கொண்டிருந்தார். பர்லில் செய்த மாற்றத்தை நிட் ஈடு செய்துவிட்டது. தொப்பியில் பர்ல் வரிசையே கிடையாது. எப்போதும் நேர்ப்பக்கம் பார்த்து நிட் மட்டும்தான். அவருடைய நிட் சுற்று சரியான திசையில் இருந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் வலக்கால் முன்னால் அமர்ந்தது. அவரோ பழக்கத்தில் பின்காலையே தேடிப் போனார். ஒவ்வொரு கண்ணியும் முறுக்கியது. எல்லா முறுக்கும் ஒரே பக்கம் விழுவதால் துணியும் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

அவருக்குச் சொன்ன திருத்தம் ஒரு வாக்கியம்தான்: வட்டத்தில் பின்னும்போது முன்காலில் நுழையுங்கள், தட்டையாகப் பின்னும்போது பழையபடியே செய்யுங்கள். தொப்பியைப் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. சாய்வை நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைத்து நேராக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். காய்ந்த அன்று நேராகத்தான் தெரியும். அடுத்த சலவையில் பழைய சாய்வுக்கே திரும்பிவிடும். சாய்வு கண்ணியின் அமைப்பிலேயே இருக்கும்போது ஈரம் அதை என்ன செய்யும்?

இதற்கு எதிர்மாறாக, வட்டத்தில் நிட் சுற்றையே தலைகீழாகச் சுற்றி, முன்காலில் நுழைகிறவர்களுக்கும் எல்லாச் சுற்றும் முறுக்கும். சோதனை அதேதான்: இடது ஊசியைப் பாருங்கள், வலக்கால் எங்கே என்று தேடுங்கள். பின்னால் இருந்தால் சுற்றுவதில் கோளாறு, முன்னால் இருந்தால் நுழைவதில் கோளாறு.

அறிகுறி: அங்கொன்றும் இங்கொன்றுமாக முறுக்கு

இது பழக்கத்தால் வருவதில்லை. சில வரிசைகளைப் பிரித்துவிட்டுக் கண்ணிகளை மீண்டும் ஊசியில் கோத்தபோதோ, நழுவிய கண்ணியை எடுத்து மாட்டியபோதோ வந்தது. பிரித்த பின் கோக்கும்போது கண்ணி ஓடிவிடுமோ என்ற பதற்றத்தில் எப்படியாவது ஊசியில் ஏற்றிவிடுவோம். பாதி சரியாகவும் பாதி மாறியும் அமரும். அப்படி ஏற்றுவதில் தவறில்லை. முதலில் எல்லாவற்றையும் ஊசிக்குக் கொண்டுவந்துவிட்டு, அடுத்த வரிசை பின்னும்போது ஒவ்வொரு கண்ணியிலும் வலக்காலைத் தேடி நுழையுங்கள். தேடிக்கொண்டே பின்னுவது எரிச்சலாக இருந்தால், மாறி அமர்ந்ததை வலது ஊசி முனையால் தூக்கி, வலக்கால் முன்னால் வரும்படி திருப்பி மாட்டிவிட்டுப் பின்னுங்கள்.

இன்னும் நல்லது, பிரிப்பதற்கு முன்பே ஊசியைக் கோத்துவிடுவது. எந்த வரிசைவரை பிரிக்கப் போகிறீர்களோ அந்த வரிசையில், நேர்ப்பக்கம் பார்த்து, மெல்லிய வட்ட ஊசி ஒன்றை வலமிருந்து இடமாக நுழையுங்கள். ஒவ்வொரு ‘வி’யிலும் வலக்காலின் அடியில் புகுந்து, இடக்காலின் மேலாகச் செல்ல வேண்டும். பிறகு மேலே உள்ளதைத் தைரியமாக உருவலாம். நூல் அந்த ஊசியில் வந்து தானாக நிற்கும். எல்லாக் கண்ணிகளும் வலக்கால் முன்னால் இருக்க ஒரே மாதிரி அமர்ந்திருக்கும். வரிசை மாறாமல் கோப்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

முறுக்கிய ஒற்றைக் கண்ணி ஆறேழு வரிசைக்குக் கீழே கண்ணில் படுகிறது என்றால் துணி முழுவதையும் பிரிக்க வேண்டாம். அந்தக் கண்ணிக்கு நேர்மேலே இருக்கும் கண்ணிவரை பின்னிச் சென்று நிறுத்துங்கள். அந்த ஒன்றை மட்டும் இடது ஊசியிலிருந்து இறக்கிவிட்டு, கீழ்நோக்கிப் பிரியவிடுங்கள். ஏணிப்படிபோல் குறுக்கு நூல்கள் மிஞ்சும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் ஒரு படி தவறவிடுகிறார்கள். குறுக்கிட்டுத் தெரிகிறதே அந்தக் கண்ணியே கையில் வளையமாக வர வேண்டும். அதற்குள்ளிருந்து புறப்பட்ட மேல்கண்ணி பிரிந்துவிட்டிருக்க வேண்டும். ஒரு வரிசை மேலேயே நிறுத்திவிட்டால் முறுக்கு அப்படியே கீழே பூட்டிக்கொண்டு இருக்கும். சரியான இடத்தில் வளையத்தை விட்டதும் அது தானாகவே நிமிர்ந்துகொள்வதைக் காணலாம்.

இப்போது குரோஷே ஊசியை நேர்ப்பக்கத்திலிருந்து வளையத்துக்குள் விடுங்கள். வலக்கால் வலப்பக்கமும் இடக்கால் இடப்பக்கமும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மிக அடியில் உள்ள குறுக்கு நூல் வளையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதைக் கொக்கியில் மாட்டி வளையத்தின் வழியே முன்னால் இழுங்கள். புதிய வளையம் வந்தது, அடுத்த படி. ஒவ்வொரு முறையும் கொக்கியைத் திருகாமல் இழுப்பது முக்கியம். திருகினால் பழைய முறுக்கை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டிருப்பீர்கள். மேலே வந்ததும் வலக்கால் முன்னால் இருக்கும்படி இடது ஊசியில் மாட்டுங்கள். முறுக்கு விடுவித்த நூல் மிச்சமாவதால் அந்தக் கண்ணி பக்கத்தவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். ஊசி முனையால் இருபக்கக் கண்ணிகளுக்கும் சிறிது சிறிதாக நூலைத் தள்ளிவிடுங்கள். மீதியை முதல் சலவை பார்த்துக்கொள்ளும்.

சின்ன அறிகுறிகள்

முதல் வரிசை மட்டும் முறுக்கியிருந்தால் காரணம் கண்ணி போட்ட விதம். கட்டைவிரலில் வளையம் சுருட்டிப் போடும்போது, சுருட்டிய திசையைப் பொறுத்து வளையம் மாறி அமரக்கூடும். ஓரம் சற்று உறுதியாக இருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. நான் அதைத் திருத்துவதில்லை.

சல்லடைப் பின்னலில் துளை விழ வேண்டிய இடத்தில் துளை மூடிக்கொண்டால், அங்கே ஊசிமேல் போட்ட நூல் எதிர்த்திசையில் ஏறியிருக்கிறது, அல்லது அடுத்த வரிசையில் இடக்காலில் நுழைந்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் மருந்து வலக்காலைத் தேடுவதுதான். சில மாதிரிகளில் துளை வேண்டாமல் கண்ணி மட்டும் கூட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அந்த நூலை முறுக்கச் சொல்லியிருப்பார்கள். அதைத் திருத்திவிடாதீர்கள்.

வேண்டுமென்றே முறுக்குவது வேறு இடங்களிலும் உண்டு. மணிக்கட்டுப் பட்டியில் நிட் கண்ணிகளை மட்டும் முறுக்கினால் கோடுகள் கூர்மையாக எழுந்து நிற்கும், பட்டியும் தொய்யாது. ஜெர்மனியின் பவேரியாவிலும் ஆஸ்திரிய மலைநாட்டிலும் காலுறைகளில் வளைந்து நெளிந்து ஓடும் கோலங்கள் முழுக்க முழுக்க முறுக்கிய கண்ணிகளால் ஆனவை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து கிடைத்த, பெருவிரலுக்குத் தனி இடம் விட்ட கம்பளிக் காலுறைகள் இருக்கின்றன, கி.பி. 300க்கும் 499க்கும் இடைப்பட்டவை. பார்த்தால் முறுக்கிய நிட் பின்னலே என்று சத்தியம் செய்யத் தோன்றும். உண்மையில் அவை இரட்டை ஊசிப் பின்னலே அல்ல. கண்ணுள்ள ஒற்றை ஊசியால் வளையம் வளையமாகக் கோத்துச் செய்தவை.

கலப்புமுறையிலேயே தொடர முடிவு செய்தவர்கள் கண்ணி குறைக்கும் இடத்தில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். அச்சிட்ட மாதிரிகள் வலக்கால் முன்னால் இருப்பதாக எண்ணி எழுதப்பட்டவை. ‘இரண்டு கண்ணிகளைச் சேர்த்து நிட்’ என்று வலப்பக்கம் சாயும் குறைப்பு கேட்டால், உங்கள் ஊசியில் வலக்கால்கள் பின்னால் இருப்பதால், அந்த இரண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டிவிட்டு முன்புறம் நுழைந்து பின்னுங்கள். இடப்பக்கம் சாயும் குறைப்புக்கு மற்றவர்கள் இரண்டு கண்ணிகளையும் நிட்போல நுழைந்து வலது ஊசிக்கு எடுத்து, திருப்பி, பிறகு பின்காலில் சேர்த்துப் பின்னுவார்கள். உங்களுக்கு அவை ஏற்கெனவே திரும்பியே இருக்கின்றன. நேராகப் பின்காலில் இரண்டையும் சேர்த்துப் பின்னிவிடலாம்.